90 செ.மீ., 110 செ.மீ.: தேங்காய்க் களத்தில் செய்து பார்த்த இரண்டு தொலைநோக்கிகள்

அக்கா மகள் காங்கயத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அரையாண்டு விடுமுறைக்கு எங்கள் களத்து வீட்டுக்கு வந்தபோது இயற்பியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காட்டிக் கேட்டாள். "மாமா, வானியல் தொலைநோக்கிக்கும் கலிலியோ தொலைநோக்கிக்கும் ஒரே சூத்திரந்தானுங்க போட்டிருக்குது. பொருளருகு லென்ஸோட குவியத்தூரத்தைக் கண்ணருகு லென்ஸோட குவியத்தூரத்தால வகுக்கோணும். ரெண்டும் ஒரே அளவுக்குப் பெருசாக் காட்டும்னா எதுக்குங்க ரெண்டு?"

ஒன்று நேராகக் காட்டும், இன்னொன்று தலைகீழாகக் காட்டும், ஒன்று குட்டை, இன்னொன்று நெட்டை என்று சொன்னேன். அதுவும் புத்தகத்திலேயே இருந்தது. அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. யோசித்தால் எனக்கும் போதவில்லை. குட்டையாகவும் நேராகவும் இருப்பதுதானே வசதி? அப்படியென்றால் வானத்தைப் பார்ப்பவர்கள் ஏன் நெட்டையான, தலைகீழான குழாயைத் தேர்ந்தெடுத்தார்கள்? சரி, ஒரே உருப்பெருக்கத்தில் இரண்டையும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நண்பரிடம் லென்ஸ் வாங்கினேன். பொருளருகு லென்ஸாக இரண்டு குழாய்க்கும் பிளஸ் ஒன் பவர், ஃப்ரேமுக்கு வெட்டாத 65 மி.மீ. வட்டம், ஆளுக்கொன்று. கண்ணருகு லென்ஸாகப் பார்வை சோதிக்கும் பெட்டியில் இருக்கும் சிறு வட்ட லென்ஸ்கள்: வானியல் குழாய்க்குப் பிளஸ் பத்து குவிலென்ஸ் ஒன்று, கலிலியோ குழாய்க்கு மைனஸ் பத்து குழிலென்ஸ் ஒன்று. பவரைக் குவியத்தூரமாக மாற்றுவது எளிது. 100-ஐப் பவரால் வகுத்தால் செ.மீ. கிடைக்கும். பிளஸ் ஒன்றுக்கு 100 செ.மீ., பத்துக்கு 10 செ.மீ. ஆக இரண்டு குழாய்க்கும் உருப்பெருக்கம் பத்து.

கடைக்காரர் உறையில் எழுதியதை அப்படியே நம்பாமல் அளந்துகொண்டோம். பிளஸ் ஒன் லென்ஸைச் சுவருக்கு முன்னால் பிடித்து, தூரத்துத் தென்னை மரங்களின் பிம்பம் சுவரில் தெளிவாக விழும் இடத்தை டேப்பால் அளந்தோம். இரண்டு லென்ஸும் 99-க்கும் 101-க்கும் நடுவில் வந்தன. குழிலென்ஸ் சுவரில் பிம்பம் விழுத்தாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. 20 மி.மீ. ஓட்டை போட்ட அட்டையை லென்ஸின் மேல் ஒட்டி வெயிலில் பிடித்தால், லென்ஸுக்குப் பின்னால் வைத்த தாளில் விரிந்த ஒளிவட்டம் விழும். தாளைத் தள்ளிக்கொண்டே போய் வட்டம் சரியாக 40 மி.மீ. ஆகும் இடத்தில் நிறுத்தினால், அந்தத் தூரந்தான் குழிலென்ஸின் குவியத்தூரம். எங்களுக்குப் பத்துக்கு ஒரு நூல் குறைவாக வந்தது. இன்னும் எளிய சோதனையும் உண்டு. பிளஸ் பத்தையும் மைனஸ் பத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து அதன் வழியாகப் பார்த்து மெல்ல அசைத்தால், சாதாரணக் கண்ணாடித் துண்டு போல, காட்சி நகராமல் நிற்கவேண்டும். நின்றது. இரண்டும் ஒரே பவர்தான் என்பதற்கு அது போதும்.

குழாய்க்கு 75 மி.மீ. பிவிசி. கண்ணருகு லென்ஸ் 40 மி.மீ. குழாயின் முனையில். சின்னக் குழாய் பெரிய குழாய்க்குள் முன்னும் பின்னும் நகர, தெர்மாகோலில் வெட்டிய வளையங்கள். பொருளருகு லென்ஸின் மேடான பக்கம் வெளியே பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் 50 மி.மீ. ஓட்டை போட்ட கறுப்புச் சார்ட் வட்டம். குழாயின் உள்சுவரில் கறுப்புச் சார்ட்டைச் சுருட்டிச் செருகுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிவிசியின் உட்புறம் வழவழப்பானது. பக்கவாட்டில் வரும் வெளிச்சம் அதில் வழுக்கிக் கண்ணுக்கு வந்து காட்சி முழுக்க வெள்ளையாய்ப் பனி மூடினாற்போல் இருக்கும். நாங்கள் முதலில் அதைச் செருகாமல், லென்ஸ் அழுக்கு என்று நினைத்து இரண்டு முறை துடைத்தோம்.

களத்துக்கு எதிரே 60 மீட்டர் தள்ளி ஒரு குடோன். பூச்சுப் பூசாத ஹாலோ பிளாக் சுவர், ஒவ்வொரு வரிசையும் 20 செ.மீ. உயரம். சுவரின் ஒரு பக்கம் 'விளம்பரம் செய்யாதே' என்று பெயின்டில் எழுதியிருக்கும். இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. மர ஏணியின் படியில் தேங்காய்ப் பருப்பு மூட்டையை வைத்து அதன்மேல் குழாயைப் படுக்க வைத்தோம்.

முதலில் நீளம். வானியல் தொலைநோக்கியில் பொருளருகு லென்ஸ் தன் குவியத்தில் ஒரு நிஜ பிம்பத்தை உண்டாக்குகிறது. அந்தப் பிம்பத்துக்கு 10 செ.மீ. பின்னால் கண்ணருகு லென்ஸ் இருந்து அதை உருப்பெருக்கிக் கண்ணாடி போலப் பெரிதாக்குகிறது. ஆகவே 100 கூட்டல் 10. கலிலியோ தொலைநோக்கியில் குழிலென்ஸ் அந்தப் பிம்பம் உண்டாகும் இடத்துக்கு 10 செ.மீ. முன்னாலேயே குறுக்கே நின்றுவிடுகிறது. குவியப் போகும் கதிர்களை இணைக் கதிர்களாக்கி வெளியே அனுப்புகிறது. பிம்பம் உண்டாகவே விடுவதில்லை. ஆகவே 100 கழித்தல் 10. அக்கா மகள் குழிலென்ஸின் குவியத்தூரத்தைக் கழித்தல் குறியோடு போட்டு, இரண்டுக்கும் ஒரே கூட்டல் சூத்திரம் போதும் என்று காட்டினாள். அது சரிதான்.

டேப்பில் வந்தது 92-க்குக் கொஞ்சம் குறைவும் 112-க்குக் கொஞ்சம் குறைவும். அளந்ததில் பிழை இல்லை. 90, 110 என்பது வெகுதூரத்துப் பொருளுக்கான கணக்கு. 60 மீட்டரில் இருக்கும் சுவரின் பிம்பம் 100 செ.மீ.க்குப் பதில் 101.7 செ.மீ.யில் விழும். அந்த 1.7 இரண்டு குழாயிலும் அப்படியே கூடும். வித்தியாசம் அதே 20 செ.மீ., அதாவது கண்ணருகு லென்ஸின் குவியத்தூரத்தைப் போல இரண்டு மடங்கு. அன்று இரவு நிலாவுக்குத் திருப்பியபோது இரண்டு குழாயையும் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

கோண உருப்பெருக்கத்தை அளக்க இரண்டு கண்ணும் வேண்டும். ஒரு கண்ணால் குழாய்க்குள்ளும் மற்றதால் வெளியே நேரடியாகவும் ஒரே சமயத்தில் சுவரைப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் இரண்டு காட்சியும் ஒன்றன்மேல் ஒன்று படியும். குழாய்க்குள் தெரியும் ஒரு வரிசைக் கல், வெறுங்கண்ணுக்குத் தெரியும் எத்தனை வரிசையை மூடுகிறது என்று எண்ணினால் போதும். 60 மீட்டரில் ஒரு வரிசை கண்ணுக்கு 0.19 டிகிரி கோணமே பிடிக்கும். குழாய் வழியே அது கிட்டத்தட்ட 2 டிகிரியாக விரிகிறது. நாங்கள் எண்ணியது இரண்டு குழாயிலும் பத்து வரிசையும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சம் பொருள் பக்கத்தில் இருப்பதால் வருவது. ஆக, சூத்திரம் சொன்னபடியே இரண்டும் ஒரே பெருக்கம்.

ஆனால் காட்சி ஒரே மாதிரி இல்லை. வானியல் குழாயில் முதலில் அவள் பார்த்துவிட்டு, "நடுவுல மட்டும் ஒரு பொட்டாட்டந் தெரியுதுங்க மாமா, சுத்தி இருட்டு" என்றாள். நானும் கண்ணை லென்ஸில் ஒட்டிப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. லென்ஸ் கோணலாக இருக்கிறதோ என்று கழற்றி மாட்டினோம். மாறவில்லை. அப்புறம் சலித்துப்போய்த் தலையைப் பின்னால் இழுத்தபோதுதான் பொட்டு விரிந்தது. அரைச் சாண் தூரத்துக்கு வந்ததும் லென்ஸ் முழுக்கக் காட்சி நிறைந்தது. இன்னும் பின்னால் போனால் மறுபடி சுருங்கியது.

காரணத்தைத் தாளில் பார்க்கலாம். குழாயைச் சூரியன் இல்லாத பக்கத்து வெளிச்சமான வானத்துக்குத் திருப்பி, கண்ணருகு லென்ஸுக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். லென்ஸிலிருந்து 11 செ.மீ.யில் விளிம்பு கூர்மையான ஒரு சிறு ஒளிவட்டம் விழும். அது கண்ணருகு லென்ஸ் உண்டாக்கும், பொருளருகு லென்ஸின் பிம்பம். 110 செ.மீ. தள்ளி இருக்கும் பொருளுக்கு 10 செ.மீ. லென்ஸ் எங்கே பிம்பம் போடும் என்று கணக்குப் போட்டால் 11 என்று வரும். குழாய்க்குள் நுழைந்த வெளிச்சம் முழுவதும், எந்தத் திசையிலிருந்து வந்திருந்தாலும், அந்தச் சின்ன வட்டத்தின் வழியாகத்தான் வெளியேறுகிறது. கண்ணின் பாப்பாவை அங்கே வைத்தால் எல்லாத் திசையும் கண்ணுக்குள் வந்துவிடும். முன்னால் வைத்தால் ஓரத்துத் திசைகள் கண்ணை விட்டு விலகிப் போய்விடும். வட்டத்தின் அகலத்தை அளந்தோம், 5 மி.மீ. 50 மி.மீ. ஓட்டையை 5-ஆல் வகுத்தால் பத்து. உருப்பெருக்கத்தை அளக்க இரண்டாவது வழியும் கிடைத்துவிட்டது. தூரத்துச் சுவர்கூட வேண்டாம்.

அதே தாளைக் கலிலியோ குழாய்க்குப் பின்னால் எவ்வளவு நேரம் பிடித்தாலும் அந்த வட்டம் வராது. வெறும் மங்கிய வெளிச்சந்தான். ஏனென்றால் குழிலென்ஸ் உண்டாக்கும் பொருளருகு லென்ஸின் பிம்பம் மாய பிம்பம். அது கண்ணருகு லென்ஸுக்கு 9 செ.மீ. முன்னால், குழாய்க்கு உள்ளே இருக்கிறது. கண்ணை வைக்க வேண்டிய இடம் குழாய்க்குள் போய்விட்டது. யாராலும் அங்கே கண்ணை வைக்க முடியாது. முடிந்தவரை லென்ஸில் ஒட்டிப் பார்ப்பதுதான் வழி. அப்படிப் பார்த்தாலும் பொருளருகு லென்ஸ் ஒரு தூரத்து ஜன்னல் மாதிரிதான் வேலை செய்கிறது. ஜன்னலின் அகலந்தான் காட்சியின் அகலம்.

எவ்வளவு என்று சுவரிலேயே எண்ணினோம். கலிலியோ குழாயில் ஒன்றரை வரிசை தெரிந்தது, ஓரம் மங்கிக்கொண்டே போய் இருட்டில் கரைந்தது. வானியல் குழாயில், கண்ணைச் சரியான இடத்தில் வைத்தால், ஒன்பது வரிசை. ஓரத்தில் கல்லின் கோடுகள் வளைந்தன, நிறமும் பிரிந்தது. ஆனாலும் ஒன்பது வரிசை! கோணத்தில் சொன்னால் கலிலியோவில் கால் டிகிரிக்குச் சற்று மேல், வானியலில் ஒன்றேமுக்கால் டிகிரி பக்கம். இதைத்தான் அவள் கேட்டாள், பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்வரை எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் இன்னொன்று தெரிந்தது. கறுப்பு எழுத்தின் ஓரங்களில் ஊதாவும் மஞ்சளும் படர்ந்திருந்தன. மூக்குக்கண்ணாடி லென்ஸ் ஒற்றை லென்ஸ்தான். ஒரு மீட்டர் குவியத்தூரத்தில் சிவப்பும் நீலமும் ஏறக்குறைய 1.7 செ.மீ. தள்ளித் தள்ளிக் குவியும். ஓட்டையைச் சிறிதாக்கினால் இந்தக் கலங்கல் குறையும் என்று தெரியும், ஆகவே இரண்டு குழாயிலும் 25 மி.மீ. ஓட்டை போட்ட சார்ட்டை மாட்டினோம். வானியல் குழாயில் எழுத்து பளிச்சென்று கூர்மையானது. காட்சி மங்கியது, ஆனால் அதே ஒன்பது வரிசை. தாளில் விழும் வட்டம் மட்டும் 2.5 மி.மீ. ஆகிவிட்டது. கலிலியோ குழாயிலும் எழுத்து கூர்மையானது, ஆனால் நல்ல வெளிச்சத்தில் ஒரு முழு வரிசைகூடத் தெரியவில்லை. ஜன்னலைப் பாதியாக மூடினால் காட்சியும் பாதியாகும் அல்லவா? கூர்மை வேண்டுமென்றால் அகலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், அகலம் வேண்டுமென்றால் கூர்மையை. வானியல் குழாயில் அந்த இரண்டும் தனித்தனி. அங்கே காட்சியின் அகலத்தைக் கண்ணருகு லென்ஸின் அகலம் முடிவு செய்கிறது, முன்னால் இருக்கும் ஓட்டை வெளிச்சத்தையும் கூர்மையையும் மட்டும் முடிவு செய்கிறது.

கலிலியோ இந்தக் குழாயை வைத்துக்கொண்டுதான் 1610 ஜனவரியில் வியாழனின் துணைக்கோள்களைக் கண்டார் என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அவர் பயன்படுத்தியது சுமார் 20 மடங்கு. அவ்வளவு பெருக்கத்தில் நிலாவில் பாதிகூட ஒரே பார்வையில் அடங்காது. கையால் நகர்த்தி நகர்த்தி வியாழனைத் தேடிப் பிடித்திருக்கிறார். இரண்டு குவிலென்ஸ் வைத்த அமைப்பைக் கெப்ளர் 1611-இல் எழுதினார்.

தலைகீழ் விஷயத்துக்கு வருகிறேன். வானியல் குழாயில் 'விளம்பரம் செய்யாதே' தலைகீழாகத் தெரிந்தது, இடமும் வலமும் மாறியிருந்தது. கண்ணாடியில் தெரிவது போல எழுத்து புரண்டிருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். போனின் கேமராவைச் சரியாக அந்த 11 செ.மீ. இடத்தில் வைத்துப் படம் எடுத்து, போனைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினேன். எழுத்து சரளமாகப் படிக்க வந்தது. மேல் கீழ் மட்டுமோ இடம் வலம் மட்டுமோ மாறினால் எப்படித் திருப்பினாலும் படிக்க வராது. இரண்டும் சேர்ந்து மாறுவது அரைச்சுற்றுச் சுற்றுவதற்குச் சமம். குவியத்தில் கதிர்கள் ஒன்றையொன்று கடந்து போவதால் வருவது இது. கலிலியோ குழாயில் கடப்பதற்கு முன்பே குழிலென்ஸ் பிடித்துவிடுகிறது, அதனால் காட்சி நேராகவே இருக்கிறது. சூத்திரத்தில் ஒன்றுக்குக் கழித்தல் பத்து, மற்றதற்குக் கூட்டல் பத்து என்று வரும் குறி இதைத்தான் சொல்கிறது.

நிலாவைப் பிடிக்கும்போது தலைகீழ் கையில் தெரியும். கலிலியோ குழாயை வலப்பக்கம் திருப்பினால் நிலா இடப்பக்கம் நகரும், நம் தலையைத் திருப்பினால் நடப்பது போலவே. வானியல் குழாயில் குழாயை வலப்பக்கம் திருப்பினால் நிலாவும் வலப்பக்கமே ஓடும். முதல் கால் மணி நேரம் அவள் நிலாவைத் துரத்தித் துரத்திக் குழாயை விட்டு வெளியே ஓட்டிக்கொண்டிருந்தாள். நிலா எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அதே பக்கம் குழாயைத் தள்ள வேண்டுமா, எதிர்ப்பக்கமா என்று கை பழகிவிட்டால் அப்புறம் தொந்தரவு இல்லை. நிலாவுக்கு மேல் கீழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பார்ப்பதில் ஒன்றும் குறையவில்லை. வானியல் குழாயில் முழு நிலாவும் சுற்றிலும் தாராளமான இருட்டும் தெரிந்தன. கலிலியோவில் நிலாவின் பாதிக்கு மேல் ஒரே சமயத்தில் வரவில்லை. ஓரத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணை லென்ஸின் மேல் இடமும் வலமுமாக நகர்த்த வேண்டியிருந்தது.

வானியல் குழாய்க்குக் கடைசியில் ஒரு வேலை மிச்சமிருந்தது. கண்ணை அந்தரத்தில் 11 செ.மீ.யில் நிறுத்தி வைப்பது கடினம். கண்ணருகு லென்ஸுக்குப் பின்னால் 11 செ.மீ. நீளத்துக்கு ஒரு குழாய்த் துண்டைச் சேர்த்து, முனையில் 8 மி.மீ. ஓட்டை போட்ட மூடியை மாட்டினேன். கண்ணை ஓட்டையில் வைத்தால் இடம் தானாக அமைந்துவிடுகிறது. இப்போது மொத்த நீளம் 121 செ.மீ. புத்தகம் சொல்லும் வித்தியாசம் 20, என் களத்தில் கிடக்கும் குழாய்களின் வித்தியாசம் 31. கண்ணருகு லென்ஸின் குவியத்தூரம் சிறியதாக, 2 செ.மீ. போல இருந்தால் கண்ணின் இடமும் லென்ஸுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். அப்போது இந்த வால் தேவைப்படாது.

கலிலியோ குழாயைப் பிரித்துவிட்டேன். பத்து மடங்கில் அது சிரமப்பட்டதற்குப் பெருக்கமும் நீளமுமே காரணம், அமைப்பில் குற்றமில்லை. கடை நண்பரிடம் பிளஸ் ஆறும் மைனஸ் இருபதும் வாங்கினேன். குவியத்தூரம் 16.7, 5. கழித்தால் 11.7 செ.மீ. நீளம், வகுத்தால் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஜன்னல் அதே 50 மி.மீ.தான், ஆனால் கண்ணுக்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டது. காட்சியின் அகலம் 5 டிகிரி. 15 மீட்டர் உயரத் தென்னையின் கொண்டையில் 1.3 மீட்டர் அகலத்தை ஒரே பார்வையில் காட்டுகிறது, நேராக. சட்டைப் பையில் அடங்குகிறது. மரமேறுபவர் வருவதற்கு முன்னால் எந்தக் குலை முற்றியிருக்கிறது, எந்த மரத்தில் எத்தனை காய் என்று அம்மா இப்போது அதை வைத்துத்தான் எண்ணுகிறார். வானியல் குழாய் ஏணியோடு சேர்த்துக் கட்டியபடியே இருக்கிறது. அக்கா மகள் அடுத்த முறை வரும்போது வியாழனுக்குத் திருப்ப வேண்டும்.